பதினெட்டு எண்களை எப்படிச் சொல்வது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தற்காலிக முடிவுகளில், கிராமம் எவ்வளவு, நகரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் விவரங்கள் அந்த ஆண்டு ஜூலையில் வெளியாயின. அவற்றிலிருந்த எழுத்தறிவு எண்கள் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் வகுப்புக் குறிப்புகளிலும் இன்றும் உலவுகின்றன. பெரும்பாலும் அவை அட்டவணையாக வருவதில்லை. எங்கிருந்தோ வெட்டி எடுத்து ஒட்டிய அட்டவணையின் படமாகவே வருகின்றன.

அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். மேலே 2001, 2011 என்று இரண்டு பெரிய தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் மொத்தம், ஆண், பெண் என்று மூன்று சிறு தலைப்புகள். இடதுபுறம் இந்தியா, கிராமப்புறம், நகர்ப்புறம் என்று மூன்று வரிசைகள். ஆக மொத்தம் பதினெட்டு எண்கள். கண் தெரிந்தவர் இதைப் படிப்பதில்லை, பார்க்கிறார். வலப்பக்க எண்கள் இடப்பக்க எண்களைவிடப் பெரியவை, கிராமத்து வரிசை நகரத்து வரிசையைவிடத் தாழ்ந்திருக்கிறது, பெண்கள் பத்தி ஆண்கள் பத்தியைவிடத் தாழ்ந்திருக்கிறது என்பது இரண்டு நொடியில் புரிந்துவிடும். அப்புறம் வேண்டிய எண்ணை மட்டும் தேடிப் போவார்.

பார்வையற்றவரின் கணினியிலோ கைபேசியிலோ ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் இருக்கும். கணினியில் பலர் வைத்திருப்பது விலையில்லாமல் கிடைக்கும் என்விடிஏ. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக். திரையில் இருக்கும் எழுத்தை இவை குரலாக்கிப் படிக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்து அவற்றுக்கு எழுத்தே அல்ல, வெறும் புள்ளிக் கூட்டம். அந்தப் படத்தோடு யாராவது ஒரு வாசகத்தைச் சேர்த்து வைத்திருந்தால் அதைப் படிக்கும். அதுதான் ஆல்ட் டெக்ஸ்ட், தமிழில் மாற்று உரை. சேர்த்து வைக்காவிட்டால் ‘கிராஃபிக்’ என்று மட்டும் சொல்லும், அல்லது படக்கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பித்துவிட்டுப் போய்விடும்.

இந்தக் கணக்கெடுப்பின் விதிப்படி, பிரெய்லி படிக்கத் தெரிந்த பார்வையற்றவரும் எழுத்தறிவு பெற்றவர்தான். எழுத்தறிவு பெற்றவர்களின் கணக்கில் இருந்துகொண்டே எழுத்தறிவு அட்டவணையைப் படிக்க முடியாமல் போகிறவர்கள் அவர்கள்.

இந்தப் படத்துக்கு என்ன எழுதுவது? முதலில் தோன்றுவது ‘எழுத்தறிவு அட்டவணை’ என்ற இரண்டு சொற்கள். எந்த நாடு, எந்த ஆண்டு, எப்படிப் பிரித்தது என்று எதுவும் இதில் இல்லை. தனக்கு வேண்டியது இதுதானா என்றுகூடக் கேட்பவரால் முடிவு செய்ய முடியாது. இந்தக் குறை எல்லோருக்கும் புரியும்.

இதற்கு நேரெதிரான இன்னொரு தவறு அக்கறை உள்ளவர்கள் செய்வது. எதையும் விட்டுவிடக் கூடாதே என்று எல்லா எண்ணையும் மாற்று உரைக்குள் கொட்டிவிடுவார்கள். அது இப்படி இருக்கும்: ‘இந்தியா 64.83, 75.26, 53.67, 74.04, 82.14, 65.46, கிராமப்புறம் 58.74, 70.70, 46.13, 68.91, 78.57, 58.75, நகர்ப்புறம் 79.92, 86.27, 72.86, 84.98, 89.67, 79.92.’ தகவல் முழுக்க இருக்கிறது, சந்தேகமில்லை. இதை யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு நான்கு, எழுபது புள்ளி ஏழு பூஜ்யம்’ என்று ஓடும்போது நான்காவது எண்ணிலேயே இது ஆணா பெண்ணா, 2001-ஆ 2011-ஆ என்பது கைநழுவிவிடும். போதாக்குறைக்கு நகர்ப்புற வரிசை 79.92-இல் தொடங்கி 79.92-இலேயே முடிகிறது. முதலாவது 2001-இல் நகரத்தின் மொத்தம். கடைசியானது 2011-இல் நகரத்துப் பெண்களின் எண். தற்செயலாக இரண்டும் ஒன்று. காதால் கேட்பவர் மென்பொருள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதோ என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

மாற்று உரையின் இயல்பே இதற்கு இடம் தராது. அதற்குள் பத்தி கிடையாது, தலைப்பு கிடையாது, வரிசையும் கட்டமும் கிடையாது. ஒரே மூச்சில் படிக்கப்படும் ஒரு வாசகம் அது. கைபேசியில் ஒரு விரல் தள்ளலுக்கு முழுவதும் படித்து முடித்துவிடும். நடுவில் ஒரு எண்ணை விட்டால் மறுபடி முழுவதையும் கேட்க வேண்டும். இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். வலைப்பக்க மொழியின் விதிகளில் அப்படி எந்த வரம்பும் இல்லை. கட்டமைப்பு தேவைப்படும் எதையும் அதற்குள் வைக்காதே என்பதுதான் நடைமுறை வரம்பு. ஒன்றிரண்டு வாக்கியங்களுக்கு மேல் போனால் வேறிடத்துக்கு மாற்ற வேண்டிய ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே வேலையை மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். இது என்ன என்பதை மாற்று உரை சொல்லட்டும். பார்த்தவுடன் கண்ணுக்குப் படுவதை ஒரு சிறு உரைநடைச் சுருக்கம் சொல்லட்டும். எண்கள் உண்மையான அட்டவணையாக, படமாக அல்லாமல் எழுத்தாக, அதற்குக் கீழே இருக்கட்டும். அமெரிக்காவின் போஸ்டன் நகரிலுள்ள பொது ஒலிபரப்பு நிலையமான டபிள்யூஜிபிஎச், பேசும் புத்தகங்களில் அறிவியல் படங்களை எப்படி விவரிப்பது என்று 2008-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பொதுவானதை முதலில் சொல், நுணுக்கத்துக்குப் பிறகு இறங்கு என்பது அதிலுள்ள முக்கிய அறிவுரைகளில் ஒன்று. கேட்பவர் எந்தப் படியில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் இதிலுள்ள வசதி.

மாற்று உரை இப்படி அமையலாம்: ‘அட்டவணை: இந்தியாவில் எழுத்தறிவு விகிதம், 2001 மற்றும் 2011 (தற்காலிகக் கணக்கு), கிராமம்–நகரம், ஆண்–பெண் வாரியாக. கிராமத்துப் பெண்களிடம் உயர்வு மிக அதிகம். சுருக்கமும் எண்களும் கீழே.’

‘படம்’ என்ற சொல் இதில் இல்லை. ‘கிராஃபிக்’ என்று ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். தலைப்பு வரிசை நீலம், எழுத்து வெள்ளை என்பதும் இல்லை. அந்த நிறத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. நிறம் எதையாவது குறித்தால், உதாரணமாகத் தேசிய சராசரிக்குக் கீழே உள்ளவை சிவப்பில் இருந்தால், அப்போது ‘சிவப்பு’ என்று சொல்வதைவிட ‘சராசரிக்குக் கீழே’ என்று சொல்ல வேண்டும். கடைசி வாக்கியம் சின்னதுதான், ஆனால் அதை விடக் கூடாது. கீழே மேலும் விவரம் இருக்கிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். கேட்கிறவருக்குச் சொன்னால்தான் தெரியும்.

சுருக்கம்தான் உண்மையில் கடினம். வரிசை வரிசையாகப் போனால் அது கொட்டிய எண்களுக்கு வினைச்சொல் சேர்த்ததாகிவிடும்: இந்தியாவில் இவ்வளவு இருந்தது இவ்வளவு ஆனது, கிராமத்தில் இவ்வளவு இருந்தது இவ்வளவு ஆனது என்று. அட்டவணையின் வரிசையை மறந்துவிட்டு, அது எதை ஒப்பிடுவதற்காகப் போடப்பட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த அட்டவணையில் மூன்று ஒப்பீடுகள் பின்னிக் கிடக்கின்றன. அன்றைக்கும் பத்து வருடம் கழித்தும், கிராமமும் நகரமும், ஆணும் பெண்ணும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பிடிக்கப் போனால் சிக்கல்தான்.

எண்களைக் கழித்துப் பார்த்துவிட்டு உட்கார்வது நல்லது. கிராமத்தில் உயர்வு 10.17, நகரத்தில் 5.06, அதாவது இரண்டு மடங்கு. கிராமத்து ஆண்களிடம் 7.87, கிராமத்துப் பெண்களிடம் 12.62. நகரத்து ஆண்களிடம் 3.40, நகரத்துப் பெண்களிடம் 7.06. இப்போது எது பெரியது எது சிறியது என்பது எழுதுகிறவருக்கே தெளிவாகிறது. இந்தக் கழித்தலைச் செய்யாமல் எழுதப்படும் சுருக்கங்கள்தான் ‘எழுத்தறிவு கணிசமாக முன்னேறியுள்ளது’ என்று எதற்கும் உதவாத வாக்கியத்தில் போய் முடிகின்றன.

அடுத்து எண்களை முழு எண்ணாக்குவது. எனக்குத் தெரிந்த சில பதிப்பாசிரியர்கள் இதை ஏமாற்று என்றே நினைக்கிறார்கள்: மூலத்தில் 58.75 இருக்க 59 என்று எழுதலாமா? கீழே முழு அட்டவணை இருக்கும்போது எழுதலாம். ‘ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு ஐந்து’ என்பதைவிட ‘ஐம்பத்தொன்பது’ காதில் நிற்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. முழு எண்ணாக்கிய பிறகு கழித்தாலும் கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே 46-லிருந்து 59 என்றால் கேட்பவர் மனக்கணக்கில் 13 வரும். உண்மையான உயர்வு 12.62, அதுவும் 13-தான். ஒத்துவராத இடத்தில் ஒரு தசமத்தை வைத்துக்கொள்வதே மேல்.

முதல் வரைவைப் பார்வையற்ற ஒருவரிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அதில் ‘இடைவெளி 25-லிருந்து 20 ஆகக் குறைந்துள்ளது’ என்று ஒரு வரி. கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். “எதுக்கும் எதுக்கும் இடைவெளி சார்? கிராமத்துக்கும் நகரத்துக்குமா, ஆம்பளைக்கும் பொம்பளைக்குமா?” கேள்வி நியாயமானது. இந்த அட்டவணையில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன, இரண்டுமே குறைந்திருக்கின்றன. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே 21-லிருந்து 16. கிராமத்துக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 25-லிருந்து 20. படத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறவருக்கு எது என்பதைக் கண்ணே நிரப்பிவிடுவதால் இந்தக் குழப்பம் தென்படாது. ‘அது’, ‘இது’, ‘முந்தையது’, ‘மேற்கண்டது’ எல்லாம் இந்த வகைதான். சுருக்கத்தில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது குற்றமில்லை.

திருத்திய சுருக்கம் இது:

‘ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் சதவீதத்தை 2001, 2011 ஆகிய ஆண்டுகளுக்கு இந்த அட்டவணை காட்டுகிறது. 2011-இன் எண்கள் தற்காலிகமானவை. எல்லாப் பிரிவிலும் சதவீதம் உயர்ந்திருக்கிறது. கிராமத்தில் 59-லிருந்து 69 ஆனது. நகரத்தில் 80-லிருந்து 85 ஆனது. மிக அதிகம் உயர்ந்தது கிராமத்துப் பெண்களிடம், 46-லிருந்து 59. இருந்தும் 2011-லும் கடைசி இடத்தில் இருப்பவர்கள் கிராமத்துப் பெண்களே. கிராமத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 25-லிருந்து 20 ஆகக் குறைந்தது; நகரத்திலும் இந்த வித்தியாசம் குறைந்திருக்கிறது. இங்கே எண்கள் முழு எண்ணாக்கப்பட்டுள்ளன. சரியான எண்கள் கீழே உள்ளன.’

நாடு முழுவதற்குமான எண் இதில் இல்லை. கிராமமும் நகரமும் வந்தபிறகு அது அவசியமில்லை என்று பட்டது. செய்திக் கட்டுரையில் வரும் படமாக இருந்தால் அதைத்தான் முதலில் வைத்திருப்பேன். இன்னொன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எண்களை உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: 2011-இல் கிராமத்துப் பெண்கள் எட்டிய 58.75, 2001-இல் கிராமத்தின் மொத்த எண்ணான 58.74-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நகரத்திலும் அதே கதை, 79.92-க்கு 79.92. கிராமமாகட்டும் நகரமாகட்டும், ஊர் மொத்தமும் முன்பு நின்ற இடத்துக்குப் பெண்கள் பத்து வருடம் கழித்து வந்திருக்கிறார்கள். எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் படத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கண்ணில் இது படாது. இது என் ஆராய்ச்சி, படத்தின் தோற்றம் அல்ல. அதேபோல, இந்த உயர்வுக்குக் காரணம் எந்தத் திட்டம் என்று எழுதுவதும் சுருக்கத்தின் வேலையல்ல; அட்டவணையில் காரணம் என்று ஒரு பத்தி இல்லை. பார்ப்பவருக்குக் கிடைக்காத விளக்கத்தைக் கேட்பவர் தலையில் ஏற்றினால், எது மூலத்தில் இருந்தது, எது நடுவில் இருந்தவர் சேர்த்தது என்று அவரால் பிரித்தறிய முடியாது.

இனி எண்கள். படத்தில் இருந்த இரட்டைத் தலைப்பை அப்படியே எழுத்து அட்டவணையாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2001 என்ற ஒரு கட்டம் மூன்று பத்திகளுக்கு மேல் நீண்டு கிடந்தால், பல ஸ்கிரீன் ரீடர்கள் எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே வருகிறது என்பதில் தடுமாறும். அதனால் ஒன்பது வரிசை, இரண்டு பத்தி என்று தட்டையாக்கிவிடலாம். ‘கிராமப்புறம், பெண்’ என்பது ஒரு வரிசையின் முழுப் பெயர். 2001, 2011 என்பவை பத்திகள். வலைப்பக்கமானால் சாரம் இவ்வளவுதான்:

```html
<figure lang="ta">
  <img src="literacy.png" alt="அட்டவணை: இந்தியாவில் ...">
  <figcaption>ஏழு வயதும் அதற்கு மேலும் ...</figcaption>
</figure>
<table lang="ta">
  <tr><th scope="col">பிரிவு</th>
      <th scope="col">2001</th><th scope="col">2011</th></tr>
  <tr><th scope="row">கிராமப்புறம், பெண்</th>
      <td>46.13</td><td>58.75</td></tr>
</table>
```

`th` என்று குறித்த கட்டங்கள் தலைப்புகள். அவை சரியாக இருந்தால், ஒருவர் கட்டம் கட்டமாக நகரும்போது ‘கிராமப்புறம், பெண்’ என்ற வரிசையின் பெயரோ ‘2011’ என்ற பத்தியின் பெயரோ எண்ணோடு சேர்ந்து ஒலிக்கும். என்விடிஏவில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் இப்படி நகரலாம். `lang="ta"` என்பதை விட்டுவிட்டால், ஆங்கிலக் குரலில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தமிழ் எழுத்தை உளறும், அல்லது ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். தமிழ்ப் பக்கங்களில் அடிக்கடி காணும் கோளாறு இது. சோதிப்பது எளிது: ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டால் போதும்.

அடிக்குறிப்பு வேறு இருக்கிறது. 1951-லிருந்து 2011 வரையிலான எழுத்தறிவு விகிதத்தைக் காட்டும் நீண்ட அட்டவணையைப் பலர் பார்த்திருப்பீர்கள், 18.33-இல் தொடங்கி 74.04-இல் முடியும். அதன் கீழே பொடி எழுத்தில், 1971 வரையிலான எண்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை, 1981 முதல் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை என்று இருக்கும். 1981-இல் அசாமிலும் 1991-இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்றும் இருக்கும். படத்தில் அது நட்சத்திரக் குறியாக நிற்கிறது. ஸ்கிரீன் ரீடர் எல்லா நட்சத்திரத்தையும் படிக்காது. படித்தாலும் அது எங்கே கூட்டிப்போகிறது என்று தெரியாது. அந்த அட்டவணையின் சுருக்கத்தில், 1971-க்கும் 1981-க்கும் நடுவே கணக்கிடும் வயது மாறியது என்பதை அந்த எண்களைச் சொல்லும் வாக்கியத்துக்கு அருகிலேயே வைத்துவிட வேண்டும். கடைசியில் தனியாக வைத்தால் ஒப்பீடு ஏற்கெனவே மனதில் பதிந்துவிட்டிருக்கும்.

தேர்வுத்தாள் என்றால் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதி தலைகீழாகிவிடும். ‘எந்தப் பிரிவில் உயர்வு மிக அதிகம்?’ என்று கேள்வி கேட்டுவிட்டு, அட்டவணையின் மாற்று உரையில் கிராமத்துப் பெண்களிடம் உயர்வு அதிகம் என்று எழுதினால் பதிலையே கொடுத்ததாகிவிடும். அங்கே மாற்று உரை தலைப்போடு நிற்க வேண்டும், சுருக்கம் இருக்கவே கூடாது, கட்டம் கட்டமாக நகரக்கூடிய அட்டவணையை மட்டும் தர வேண்டும். பார்வையுள்ள மாணவருக்குக் கழித்துப் பார்க்கும் வேலை இருந்தால் இவருக்கும் அந்த வேலை இருக்கட்டும். கூடுதல் நேரம் தருவது வேறு விஷயம்.

புத்தகமோ பக்கமோ மறுபதிப்பு வரும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. 2011-இன் இறுதி எண்கள் பிறகு வந்தன. நாட்டின் மொத்தம் 74.04 அல்ல, 72.99. கிராமத்தின் எண் 68.91-லிருந்து 67.77 ஆயிற்று, கிராமத்துப் பெண்களின் எண் 57.93 ஆயிற்று. பதிப்பகத்தில் யாரோ புதிய படத்தைப் பழைய படத்தின் இடத்தில் வைத்துவிடுவார்கள். மாற்று உரை அங்கேயே கிடக்கும், ‘தற்காலிகக் கணக்கு’ என்று சொல்லிக்கொண்டு. சுருக்கம் 59 என்று சொல்லும். கிராமத்தில் பத்து சதவீதப் புள்ளி உயர்ந்தது என்ற கணக்கு இப்போது ஒன்பதுதான் என்றாலும் அதுவும் மாறாது. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இது எதுவுமே தெரியாது, ஏனென்றால் மாற்று உரை அச்சிலும் திரையிலும் தோன்றுவதில்லை. படக்கோப்பும் அதன் மாற்று உரையும் சுருக்கமும் ஒரே உறையில், ஒரே தேதி போட்டு இருந்தால், ஒன்றை மாற்றுகிறவர் மற்ற இரண்டையும் திறந்து பார்த்தாக வேண்டும். மெய்ப்புக்குப் போகும் பக்கத்தில் மாற்று உரையைப் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் அச்சடித்துக் கொடுத்துவிடுவது இன்னும் எளிய வழி. மெய்ப்பு முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.